225 நாளில் 340 வினாடி

பொங்கலுக்கு முந்தின வாரம் பள்ளிக் காவலாளி கூப்பிட்டார். "சார், நம்ம மணி இப்பல்லாம் லேட்டாத்தான் அடிக்குது. டவுன் பஸ் போனதுக்கு அப்புறம்தான் அடிக்குது. ஜூன்ல பாத்தீங்கன்னா மணி அடிச்சு, பிள்ளைங்க எல்லாம் வரிசையில நின்ன பிறகுதான் பஸ் வரும்."

திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பள்ளிக்குத் தானாக மணி அடிக்கும் பெட்டியைச் செய்து கொடுத்தது நான்தான். உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, நேரத்தை வைத்திருக்கும் ஆர்.டி.சி. சிப் ஒன்று, அதற்கு ஒரு பட்டன் பேட்டரி, மணியை இயக்க ஒரு ரிலே. அவ்வளவுதான் பெட்டி. ஜூன் 1 அன்று காலை நேரத்தை வினாடி பிசகாமல் வைத்துவிட்டு வந்திருந்தேன். பேட்டரி போயிருக்கும், இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததில் எங்கோ குழம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன்.

ஜனவரி 12 அன்று போய்ப் பார்த்தால் பேட்டரி நன்றாகவே இருந்தது. போனில் உள்ள நேரத்துக்கும் பெட்டியின் திரையில் ஓடும் நேரத்துக்கும் 5 நிமிடம் 40 வினாடி வித்தியாசம். பெட்டிதான் பின்னால். கணக்குப் போட்டேன். ஜூன் 1 முதல் ஜனவரி 12 வரை 225 நாள். 5 நிமிடம் 40 வினாடி என்பது 340 வினாடி. அதாவது நாளொன்றுக்கு ஒன்றரை வினாடி.

அந்த ஒன்றரை வினாடியைப் பார்த்ததும் பேட்டரி மேலும் கரண்ட் மேலும் இருந்த சந்தேகம் போய்விட்டது. இது கிரிஸ்டலின் வேலை. இதில் பெட்டி எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதுதான் முக்கியம். கிரிஸ்டலை வாங்கும்போது அதன் விவரத்தாளில் என்ன எழுதியிருந்ததோ, அந்த எல்லைக்குள்தான் அது ஓடியிருக்கிறது. படிக்கத் தெரிந்தும் சரியாகப் படிக்காமல் விட்டவன் நான்.

கிரிஸ்டல் என்பது அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு உலோக உருளை. பழைய குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றினால் பார்க்கலாம். உருளைக்குள் காற்றை எடுத்துவிட்டு, இரண்டு கால் வைத்த ஒரு குவார்ட்ஸ் துண்டை அடைத்திருப்பார்கள். இசைக்காரர்கள் சுருதி பார்க்கும் கவைபோல இருக்கும். மின்சாரம் கொடுத்தால் குவார்ட்ஸ் நெளியும். நெளிந்தால் மின்சாரம் கொடுக்கும். இந்த இரட்டைக் குணத்தால், சிப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன சுற்று கவையை விடாமல் ஊஞ்சல்போல ஆட்டிக்கொண்டே இருக்க முடிகிறது. வினாடிக்கு 32,768 தடவை ஆட வேண்டும் என்று கணக்குப் பண்ணிச் செதுக்கியிருப்பார்கள். இந்த எண்ணைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படி 15 முறை போனால் 1 வரும். சிப் செய்வதும் அதுதான். ஆட்டங்களைப் பாதி பாதியாக வகுத்துக்கொண்டே போய், வினாடிக்கு ஒரு துடிப்பை எடுக்கிறது. அந்தத் துடிப்பை எண்ணித்தான் நிமிடம், மணி, தேதி எல்லாம்.

ஆக, நேரத்தை வைத்திருப்பது சிப் இல்லை, கவை. கவை 32,768 ஆட வேண்டிய இடத்தில் 32,767.5 ஆடினால் சிப்புக்கு அது தெரியவே தெரியாது. 32,768 ஆட்டம் முடிந்த பிறகுதான் ஒரு வினாடி என்று எண்ணும். அதற்குள் உலகத்தில் ஒரு வினாடிக்கும் துளி அதிகமாக ஓடியிருக்கும். அந்தத் துளிகள் ஏழரை மாதத்தில் சேர்ந்துதான் 340 வினாடி ஆயிற்று.

இந்தத் துளியை அளக்கச் சதவீதம் பெரிய படி. அதனால் பத்து லட்சத்தில் எத்தனை என்று சொல்கிறார்கள். விவரத்தாளில் `ppm` என்று இருக்கும். கடைக்காரர்களும் பிபிஎம் என்றுதான் சொல்வார்கள். பத்து லட்சம் வினாடி என்பது ஏறத்தாழ பதினொன்றரை நாள். ஆகவே 1 பிபிஎம் பிசகும் கடிகாரம் பதினொன்றரை நாளில் ஒரு வினாடி முன்னாலோ பின்னாலோ போகும். நாள் கணக்கில் இப்படி எழுதி வைத்துக்கொண்டால் போதும்:

```
வினாடி = ppm × 0.0864 × நாட்கள்
```

ஒரு நாளில் 86,400 வினாடி இருப்பதால்தான் அந்த 0.0864. என் கிரிஸ்டலின் தாளில் ±20 என்று போட்டிருந்தது. 20 பிபிஎம் என்றால் நாளைக்கு 1.7 வினாடி, 30 நாள் மாதத்துக்கு 52 வினாடி, வருடத்துக்குப் பத்தரை நிமிடம். கடையில் கேட்டால் கிடைக்கும் சாதாரண ரகம் இதுதான். என் பெட்டியின் 340 வினாடியை இதே கணக்கில் திருப்பிப் போட்டால் 17.5 பிபிஎம் வருகிறது. எல்லைக்குள்தான்.

±20 என்பதைப் பலரும் ஒரு வகையில் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கடிகாரம் ஒரு நாள் 20 முன்னால், ஒரு நாள் 20 பின்னால் என்று தள்ளாடும், மாதக் கடைசியில் ஒன்றுக்கொன்று கழிந்து சரியாகிவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. அந்த ± ஒரு மூட்டை கிரிஸ்டலுக்கான பேச்சு. மூட்டைக்குள் கைவிட்டு எடுத்தால் ஒன்று +6 ஆக இருக்கலாம், இன்னொன்று −14 ஆக இருக்கலாம், எதுவும் 20ஐத் தாண்டாது என்று தொழிற்சாலை வாக்குக் கொடுக்கிறது. நம் கைக்கு −14 வந்துவிட்டால் அது இன்றைக்கும் −14, அடுத்த வாரமும் ஏறக்குறைய −14. தினமும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும், எதிலும் கழியாது. மாதங்கள் ஓட ஓடப் பிசகு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு கொக்கியும் அந்தத் தாளில் உண்டு. ±20 என்று எழுதிய வரியின் ஓரத்தில் 25 டிகிரியில் என்று சின்ன எழுத்தில் இருக்கும். எங்கள் ஊரில் வருடத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் 25 டிகிரி இருக்கும்? அதிலும் பெட்டி மாட்டியிருந்தது தகரக் கூரை போட்ட வராந்தாச் சுவரில்.

கவைக் கிரிஸ்டலுக்கு வெப்பத்தில் ஒரு வினோதமான குணம் உண்டு. ஏறக்குறைய 25 டிகிரியில் அது தன் அதிகபட்ச வேகத்தில் ஆடும். அதற்கு மேலே சூடானாலும் மெதுவாகும். கீழே குளிர்ந்தாலும் மெதுவாகும். இரண்டு பக்கமும் சரிகிற மலைபோல. வெப்பத்தால் ஒரு கவைக் கிரிஸ்டல் தன் உச்ச வேகத்தைத் தாண்டாது. அந்தச் சரிவையும் தாளில் கொடுத்திருப்பார்கள்:

```
ppm = −0.034 × (T − 25)²
```

T என்பது கிரிஸ்டல் இருக்கும் இடத்தின் வெப்பம், செல்சியஸில். 35 டிகிரியில் 10 டிகிரி விலகல், அதன் வர்க்கம் 100, பிசகு −3.4. 45 டிகிரியில் விலகல் 20, வர்க்கம் 400, பிசகு −13.6. விலகல் இரண்டு மடங்கானால் பிசகு நான்கு மடங்காகிறது. மலை உச்சி கிரிஸ்டலுக்குக் கிரிஸ்டல் 25க்கு ஐந்து டிகிரி இப்படி அப்படி இருக்கலாம். ஆனால் சரிவின் உருவம் மாறாது.

பெட்டிக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்திருக்கிறேன். மே மாதப் பகலில் 44 டிகிரி நின்றது, இரவில் 32. பாதி நாள் இது, பாதி நாள் அது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 38 டிகிரி. அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் −5.7 வரும். ஆனால் பகலையும் இரவையும் தனித்தனியாகப் போட்டால் பகலில் −12.3, இரவில் −1.7, இரண்டின் சராசரி −7. கடிகாரம் உண்மையில் இழப்பது இந்த ஏழைத்தான். நடுப்பகல் வெயிலில் இழந்ததை இரவின் குளிர் திருப்பிக் கொடுப்பதே இல்லை, கொஞ்சம் குறைவாக இழக்கிறது, அவ்வளவுதான். சராசரி வெப்பத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பிசகு எப்போதும் குறைத்துத்தான் தெரியும். வெயில் படும் இடத்தில் கடிகாரம் மாட்டுகிறவர்கள் பகல் உச்சியைத்தான் பார்க்க வேண்டும்.

மார்கழியில் அதே பெட்டிக்குள் பகல் 32, இரவு 24. அப்போது வெப்பத்தால் வரும் பிசகு ஒரு பிபிஎம்மைக்கூடத் தொடவில்லை. கோடைக்கும் மார்கழிக்கும் வித்தியாசம் ஆறு பிபிஎம். மாதத்துக்குப் பதினாறு வினாடி. நிரந்தரமாக உள்ள பிசகின் மேல் பருவம் வந்து ஏறி இறங்குகிறது.

நிரந்தரமான பங்கு எவ்வளவு, பருவத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துத் தெரிந்துகொள்ள, பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பத்து நாளைக்குக் காவலாளி கையாலேயே மணி அடித்தார். ஜனவரியில் என் அறை 25, 26 டிகிரியைத் தாண்டுவதில்லை, அதனால் வெப்பக் கணக்கு கிட்டத்தட்ட சைபர். பத்து நாளில் 12 வினாடி பின்தங்கியது. அது −13.9, அதாவது −14 பிபிஎம். அந்தக் கிரிஸ்டல் அந்தப் போர்டில் உட்கார்ந்தபோது பிறந்த குணம் இது. இதோடு மே மாதத்தின் −7ஐச் சேர்த்தால் −21. மார்கழியின் −1ஐச் சேர்த்தால் −15. ஜூனிலிருந்து ஜனவரி வரை வெயில் இறங்க இறங்க −20லிருந்து −15 வரை வந்திருக்கிறது. இதன் சராசரிதான் நான் பார்த்த −17.5. கணக்கு கையில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அன்றைக்கு இருந்த நிம்மதி கொஞ்சநஞ்சம் இல்லை.

இப்படி அளக்கும்போது அவசரப்படக் கூடாது. கண்ணால் இரண்டு திரைகளைப் பார்த்து வினாடி மாறும் இடத்தை ஒப்பிட்டால் அரை வினாடி வரை நம் கண்ணே பிசகும். 1 பிபிஎம் என்பது நாளுக்கு 0.0864 வினாடிதான். அதனால் ஒரே நாளில் அளந்து பிபிஎம் சொன்னால் ஆறு பிபிஎம் வரை தப்பாகலாம். ஆறு நாள் விட்டால் அந்தத் தப்பு ஒன்றாகக் குறையும். ஒரு மாதம் விட்டால் ஐந்தில் ஒரு பங்காகும். காத்திருப்பதைவிட நல்ல கருவி இதில் இல்லை. அளவுக்கு வைத்துக்கொள்ளும் நேரமும் ஒழுங்காக இருக்க வேண்டும். போன் எப்போதும் நெட்வொர்க் நேரத்தோடு பொருந்தியிருக்கும் என்று நம்ப முடியாது. இணையத்தில் நேரம் கொடுக்கும் சேவையோடு பொருத்திப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும், முடிக்கும்போதும் அதையே பார்க்க வேண்டும்.

சில பேர் ஆசிலாஸ்கோப் முள்ளைக் கொண்டுபோய் நேரே கிரிஸ்டலின் காலில் வைப்பார்கள். வைத்தவுடன் கடிகாரத்தின் வேகமே மாறிவிடும். சில சமயம் ஆட்டமே நின்றுவிடும். ஏனென்றால் கிரிஸ்டலின் இரண்டு காலுக்கு நடுவில் எவ்வளவு மின்தேக்கம் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது ஆடும் வேகம். முள் தன் பங்குக்கு நாலைந்து பிகோஃபாரடோ பத்தோ கொண்டுவந்து சேர்க்கிறது. அளக்க வந்த கை அளவையே மாற்றிவிடுகிறது. நான் பயன்படுத்திய `DS1307` சிப்பில் `SQW` என்று ஒரு கால் இருக்கிறது. வினாடிக்கு ஒரு துடிப்பை அதிலேயே வெளியே எடுக்கலாம். அங்கே அளந்தால் கிரிஸ்டலைத் தொடவே வேண்டாம்.

இந்த மின்தேக்க விஷயத்தில்தான் ரிப்பேர் செய்கிறவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு கிரிஸ்டலையும் ஒரு குறிப்பிட்ட சுமைக்குத் தக்கபடி தொழிற்சாலையில் சரிசெய்திருப்பார்கள். 12.5 பிகோஃபாரட் ஒரு ரகம், 6 ஒரு ரகம், இடையில் 7, 9 என்றும் உண்டு. உருளையைப் பார்த்து இது எந்த ரகம் என்று சொல்லவே முடியாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். 6 பிகோஃபாரடுக்காக வடிவமைத்த சிப்பில் 12.5 ரகக் கிரிஸ்டலைப் போட்டால் கடிகாரம் மாதத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் முன்னால் ஓடும். தலைகீழாகப் போட்டால் அதே அளவு பின்னால். பிபிஎம்மில் சொன்னால் நூறுக்குப் பக்கம். ±20 ரகத்தை வாங்கிப் போட்டு நூறு பிசகுகிறது என்றால் கிரிஸ்டல் மட்டமானது என்று திட்டிவிட்டு இன்னொன்றை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. அதுவும் அதே ரகமாக இருந்தால் அதே நூறுதான் வரும். சிப்பின் தாளில் என்ன சுமை கேட்டிருக்கிறது என்று பார்த்து அந்த ரகத்தை வாங்க வேண்டும். `DS1307` கேட்பது 12.5.

ஆகவே பிசகின் அளவே நோயைச் சொல்லிவிடும். மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் என்றால் கிரிஸ்டலின் பிறவிக் குணமும் வெப்பமும். மூன்று, நான்கு நிமிடம் என்றால் சுமை பொருந்தவில்லை. அளவைவிடப் பிசகின் நடை இன்னும் தெளிவாகச் சொல்லும். தினமும் ஒரே சீராகக் கூடினால் அது கிரிஸ்டல். இரண்டு வாரம் நன்றாக ஓடிவிட்டு ஒரே நாளில் நாலு நிமிடம் போயிற்று என்றால் கிரிஸ்டல்மேல் பழி போடாதீர்கள். பேட்டரியையும் அதன் பிடியையும் பாருங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் கடிகாரம் முன்னால் ஓடினால், மோட்டாரின் இரைச்சல் கிரிஸ்டலின் கம்பியில் ஏறி, சிப் அதையும் ஆட்டமாக எண்ணிக்கொள்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் மட்டும் பிசகினால் சால்டர் வைத்தபோது விட்ட பசையைச் சந்தேகப்படலாம். கவையை ஆட்டும் மின்னோட்டம் அவ்வளவு சின்னது. கிரிஸ்டலின் இரண்டு காலுக்கு நடுவில் பசையும் ஈரமும் சேர்ந்து ஒரு மெல்லிய பாதை போட்டால் போதும், ஆட்டம் தளர்ந்துவிடும். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் இருந்தால் அது சரியாகிவிடும்.

வயதும் ஒரு காரணம். புதுக் கிரிஸ்டல் முதல் வருடத்தில் மூன்று பிபிஎம் வரை நகரலாம் என்று தாளில் இருக்கும். பிறகு நகர்வது குறைந்துவிடும். என் பெட்டியில் இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை, வெப்பத்தின் ஏற்ற இறக்கம் இதை மூடிவிடுகிறது.

இவ்வளவு பிசகும் பெட்டியைப் பார்த்துவிட்டு, கையில் கட்டியிருக்கும் சாதாரணக் கடிகாரம் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடுவது எப்படி என்று தலைமையாசிரியை கேட்டார். நல்ல கேள்வி. உள்ளே இருப்பது இதே கவைதான். 1969 டிசம்பரில் ஜப்பானில் செய்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமே மாதத்துக்கு ஐந்து வினாடிக்கு மேல் பிசகாது என்றார்கள். அது இரண்டு பிபிஎம்தான். கைக்கடிகாரத்துக்கு இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, கடிகாரம் செய்கிற இடத்திலேயே அந்தந்தக் கிரிஸ்டலின் பிறவிப் பிசகை அளந்து, அதற்கேற்ப சரிக்கட்டி அனுப்புகிறார்கள். இன்னொன்று, அது மனிதத் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே வெயிலோ பனியோ, மணிக்கட்டு அதை முப்பது டிகிரியை ஒட்டியே வைத்திருக்கிறது. மலை உச்சியைவிட்டு அது அதிக தூரம் இறங்குவதே இல்லை. வராந்தாத் தகரத்தின் அடியில் தொங்கும் பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதல் வசதியைப் பெட்டிக்கும் கொடுக்கலாம். பிறவிப் பிசகு நிலையானது, நிலையானதைக் கணக்கால் கழித்துவிடலாம். சில சிப்புகளில் இதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு. அதில் எண்ணை எழுதினால் அவ்வப்போது சில துடிப்புகளைக் கூட்டியோ விழுங்கியோ சரிக்கட்டும். `DS1307`இல் அது கிடையாது. அதனால் நிரலில் செய்தேன். நாளைக்கு ஒன்றரை வினாடி என்றால் இரண்டு நாளைக்கு மூன்று வினாடி, அதாவது 16 மணி நேரத்துக்கு ஒரு வினாடி. 16 மணி நேரம் என்பது 57,600 வினாடி.

```
if (now - lastFix >= 57600 && second == 10) {
  setSecond(11);
  lastFix += 57600;
}
```

வினாடி 10 ஆன உடனே 11 என்று எழுதிவிடுகிறது. ஒரு வினாடி முன்னால் தள்ளியாயிற்று. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்தச் சிப்பில் வினாடியை எழுதும்போது உள்ளே பாதி பாதியாக வகுத்துக்கொண்டிருக்கும் சங்கிலி சைபருக்குப் போய்விடும். வினாடி பாதி ஓடியபின் எழுதினால் அந்தப் பாதி வீணாகும். அதனால் 10 மாறின கையோடு எழுத வேண்டும். இன்னொன்று, `lastFix` என்ற எண்ணை போர்டின் நினைவில் வைத்தால் கரண்ட் போகும்போது அதுவும் போய்விடும். சிப்பிலேயே பட்டன் பேட்டரியில் உயிரோடு இருக்கும் 56 பைட் இடம் இருக்கிறது. அங்கே எழுதி வைத்தேன். மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் வந்தவுடன் பாக்கி வினாடிகளை நிமிடத்துக்கு ஒன்றாகப் போட்டுச் சரிசெய்துகொள்ளும்.

இரண்டாவது வசதியை, அதாவது வெப்பத்தைப் பின்தொடர்ந்து திருத்துவதை, ஒற்றை எண்ணால் கொடுக்க முடியாது. அதற்கு வேறு சிப்பு இருக்கிறது. `DS3231` என்பது அதன் பெயர். கிரிஸ்டல் சிப்புக்குள்ளேயே இருக்கும். பக்கத்திலேயே வெப்பமானியும் இருக்கும். 64 வினாடிக்கு ஒருமுறை வெப்பத்தைப் பார்த்து, கிரிஸ்டலின் சுமை மின்தேக்கத்தைக் கூட்டிக் குறைத்து, மலைச் சரிவில் இழந்ததை ஈடுகட்டும். முள்ளை வைத்தால் வேகம் மாறுகிறது என்று சொன்னேனே, அந்தக் குணத்தையே இங்கே மருந்தாக்கியிருக்கிறார்கள். சைபரிலிருந்து 40 டிகிரி வரை 2 பிபிஎம்முக்குள், அதற்கு வெளியே 3.5க்குள் என்று தாள் சொல்கிறது. மாதத்துக்கு ஐந்து வினாடி, அதிகம் போனால் ஒன்பது. புதிதாகச் செய்கிற பெட்டிகளில் இதைத்தான் போடுகிறேன். விலை கூடத்தான், ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை ஆள் போய்ச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அந்தப் பள்ளிப் பெட்டியை மட்டும் மாற்றவில்லை. ஒரே எண்ணால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஜனவரி 23 அன்று நேரம் வைத்து மாட்டினேன். திருத்தம் 17.4 பிபிஎம், பெட்டி அப்போது இழந்துகொண்டிருந்தது 15. ஆகவே மிச்சம் முன்னால் ஓட வேண்டும், ஓடியது. பிப்ரவரி கடைசியில் ஐந்து வினாடி முன்னால் இருந்தது. மார்ச்சில் வெயில் ஏறவும் ஏறின ஏணியில் இறங்கத் தொடங்கியது. ஏப்ரல் நடுவில் போனோடு வினாடிக்கு வினாடி பொருந்தி நின்ற ஒரு நாளும் வந்தது. அன்றைக்குப் பார்த்திருந்தால் அருமையான கடிகாரம் என்று எவரும் சொல்லியிருப்பார்கள். மே மாதம் முழுக்கப் பூட்டிய பள்ளியில், தகரத்தின் அடியில், அது நாளுக்குக் கால் வினாடிக்கு மேல் இழந்துகொண்டிருந்தது.

பள்ளி திறக்கும் நாளன்று காலை எட்டே முக்காலுக்குப் போனேன். காவலாளி ஏற்கெனவே பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு வைத்திருந்தார். பெட்டி 14 வினாடி பின்னால். திரையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் பண்ணாதீங்க சார், பஸ்ஸே இதைவிட முன்னப்பின்ன வரும்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் தேதியையும் அந்த 14ஐயும் எழுதிக்கொண்டு, நேரத்தைத் தொடாமல் பெட்டியை மூடினேன்.